புதுப் பங்குதாரர் கொண்டுவரும் பணம் யாருக்கு?

கடைவீதிகளில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு ஹார்டுவேர் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். நடத்துபவர்கள் மாமனும் மச்சானும். மாமன் போட்ட முதல் 15 லட்சம், மச்சான் போட்டது 5 லட்சம். கல்லாவிலும் குடோனிலும் நாள் முழுக்க நிற்பவர் மச்சான் என்பதால் அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. முதலுக்கு இருவருக்கும் 10 சதவீத வட்டி. மீதி லாபத்தில் மாமனுக்கு ஐந்தில் மூன்று பங்கு, மச்சானுக்கு ஐந்தில் இரண்டு.

இவை எல்லாம் பத்திரத்தில் இருக்கும்வரை சரி. எழுதியோ பேசியோ எதையும் முடிவு செய்யாமல் தொழிலைத் தொடங்கியிருந்தால், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 13ஆம் பிரிவின்படி தானே கணக்குப் போட்டுவிடும். லாபமும் நட்டமும் சரிபாதி. உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு வட்டியும் கிடையாது. மூன்று மடங்கு பணம் போட்ட மாமனுக்கும், கடையையே தோளில் சுமக்கும் மச்சானுக்கும் இந்தச் சரிபாதி நியாயமாகப் படாது. ஆனாலும் சட்டம் அதைத்தான் சொல்லும்.

முதலுக்கு வட்டி எதற்கு? மச்சானின் சம்பளம், வாடகை, வரி எல்லாம் போக ஒரு வருடம் 5 லட்சம் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாமனுக்கு வட்டி 1,50,000, மச்சானுக்கு 50,000. அதைக் கொடுத்த பிறகு மிஞ்சும் 3 லட்சத்தில் மாமனுக்கு 1,80,000, மச்சானுக்கு 1,20,000. ஆகமொத்தம் மாமன் கைக்கு 3,30,000, மச்சான் கைக்கு 1,70,000. வட்டி இல்லாமல் நேராகப் பிரித்திருந்தால் 3 லட்சமும் 2 லட்சமும் ஆகியிருக்கும். அந்த 30,000 ரூபாய் வித்தியாசம்தான் கூடுதலாக மாட்டிக்கிடக்கும் மாமனின் பணத்துக்கான கூலி.

இந்த வட்டி வங்கிக் கடன் வட்டியைப் போன்றது அல்ல. லாபம் இருந்தால்தான் உண்டு. லாபம் 1,20,000 மட்டுமே வந்த வருடத்தில் 2 லட்சம் வட்டியை முழுதாக எழுத முடியாது. இருப்பதை வட்டியின் விகிதத்திலேயே, மூன்றுக்கு ஒன்றாக, 90,000, 30,000 என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். வருமான வரிக் கணக்கில் பங்குதாரர் வட்டியைச் செலவாகக் காட்டுவதற்கும் வரம்பு இருக்கிறது. பத்திரம் அனுமதித்திருக்க வேண்டும், 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது மாமனுக்கு வயதாகிவிட்டது. தன் மூன்று பங்கில் ஒன்றை விட்டுக்கொடுத்துப் புதியவர் ஒருவரைச் சேர்க்க நினைக்கிறார். மச்சானும் சம்மதிக்கிறார். அந்தச் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது. வேறு ஏற்பாடு இல்லாதபோது எல்லாப் பங்குதாரர்களும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இனி லாப விகிதம் 2, 2, 1. ஐந்தில் நான்கு பங்குக்கு 20 லட்சம் முதல் என்ற கணக்கில், ஐந்தில் ஒரு பங்குக்குப் புதியவர் 5 லட்சம் போடுகிறார்.

அது மட்டும் போதாது. இந்தக் கடைக்கு வாடிக்கையாளர் இருக்கிறார்கள், கொத்தனார்கள் பழக்கம் இருக்கிறது, மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு அனுப்புகிறார். அடுத்த தெருவில் 20 லட்சம் போட்டு இன்றைக்குத் திறக்கும் கடைக்கு இவை இல்லை. குட்வில் என்பது இதற்கான விலை. அதை ரூபாயில் சொல்ல ஒரு வழி உண்டு. கடந்த மூன்று வருட லாபம் 4,40,000, 5,00,000, 5,60,000. சராசரி 5 லட்சம். 20 லட்சம் முதலுக்கு இத்தொழிலில் இயல்பாக 10 சதவீதம், அதாவது 2 லட்சம் வரலாம் என்றால், மேலே நிற்கும் 3 லட்சம் இந்தக் கடையின் பெயர் சம்பாதித்தது. புதியவர் வந்த பிறகும் மூன்று வருடத்துக்குப் பழைய பெயர் சோறு போடும் என்று மூவரும் ஒப்புக்கொண்டால், குட்வில் 9 லட்சம். புதியவரின் ஐந்தில் ஒரு பங்குக்கு 1,80,000.

அந்த மூன்று வருடம் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, பேசி முடிப்பதுதான். வாடிக்கையாளர்கள் மாமனின் முகத்துக்காகவே வருகிறார்கள் என்றால், ஒதுங்கப்போகிற அவருடைய பெயருக்கு இரண்டு வருடமே அதிகம் என்று புதியவர் வாதாடலாம். லாபத்தையும் அவர் தோண்டிப் பார்க்க வேண்டும். கடைசி வருட 5,60,000-இல் பழைய வேனை விற்ற லாபம் 60,000 கலந்திருந்தால் அது மறுபடி வராது. அதைக் கழித்தால் சராசரி 4,80,000, குட்வில் 8,40,000, அவர் தர வேண்டியது 1,68,000.

வேன் சங்கதி இல்லை, 1,80,000-தான் என்று வைத்துக்கொள்வோம். பல கணக்குகள் கோணலாவது இதற்குப் பிறகுதான். சிலர் இதைப் பழைய விகிதத்திலேயே பிரித்து மாமனுக்கு 1,08,000, மச்சானுக்கு 72,000 என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. மச்சான் பங்கு முன்பும் ஐந்தில் இரண்டு, இப்போதும் ஐந்தில் இரண்டு. அவர் எதையும் விடவில்லை. விட்டவர் மாமன். மிஞ்சும் 3 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கான 60,000 இனி வருடாவருடம் அவர் கையை விட்டுப் போகிறது. மூன்று வருடத்துக்கு அதுதான் 1,80,000. (வட்டியும் இயல்பு ஆதாயமும் ஒரே 10 சதவீதமாக இருப்பதால்தான் எண் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.) ஆக, முழுத் தொகையும் மாமனுடையது. இருவரும் விட்டிருந்தால், பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்து, யார் எவ்வளவு இழந்தாரோ அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். பாடப்புத்தகம் இதைத் தியாக விகிதம் என்கிறது.

இன்னொரு தவறு இதைவிடக் கெட்டது. புதியவர் கொண்டுவந்த 6,80,000 முழுவதையும் அவர் பெயரிலேயே முதலாக வரவு வைத்துவிடுவது. அப்படிச் செய்தால் குட்வில்லுக்குக் கொடுத்த பணத்துக்கும் அவருக்கு வருடம் 18,000 வட்டி போய்க்கொண்டே இருக்கும். விலகும் நாளில் அந்த 1,80,000-ஐத் தன் முதல் என்று திரும்பக் கேட்கவும் ஏட்டில் ஆதாரம் இருக்கும். மாமன் தன் பங்கை இலவசமாகக் கொடுத்தவர் ஆவார். புதியவரிடம் ரொக்கம் இல்லையென்றால் அவர் கணக்கில் 1,80,000 பற்று, மாமன் கணக்கில் அதே தொகை வரவு என்று எழுதினால் போதும். 9 லட்சத்தையும் சொத்துப் பக்கம் ஏற்றி ஐந்தொகையைப் பெரிதாக்குவது கூடாது. தானாக வளர்ந்த குட்வில்லைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று கணக்கியல் தரம் 26 சொல்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் சரக்கு, வராக்கடன், பழைய லாப இருப்பு ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, ஏற்ற இறக்கத்தைப் பழைய இருவருக்கும் மூன்றுக்கு இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். 50,000 ரூபாய் வராக்கடனை மறைத்தால், பிறகு அதைத் தள்ளுபடி செய்யும்போது தான் கொடுக்காத கடனுக்காகப் புதியவர் 10,000 சுமப்பார். நம் கடையில் இவை நேராகி, முதல் 20 லட்சமாகவே நின்றது என்று எடுத்துக்கொண்டோம். மாறியிருந்தால் குட்வில் கணக்கும் மாறும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு தாள் கேளுங்கள். ஒவ்வொருவரின் பழைய பங்கு, புதிய பங்கு, இரண்டின் வித்தியாசம், குட்வில் பணம் யார் கணக்கில் வரவு என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.