உப்பில்லாச் சோறும் எழுதிக் கொடுத்த பாட்டும்

2016 கார்த்திகையில் எங்கள் ஊர் நெல் காலையிலும் இலை விரிக்கவில்லை. தண்ணீருக்கு ஏங்கும் பயிர் உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும், சாயங்காலம் விரித்துவிடும். அதுவரை பயமில்லை. விடியற்காலைப் பனியிலும் இலை ஊசியாகச் சுருண்டே நின்றால் வேர் வரை காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம்.

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கோரம், ராமநாதபுரம் எல்லையை ஒட்டிய மானாவாரி ஊர் எங்களுடையது. ஆவணி, புரட்டாசியில் புழுதியாக உழுது, ஈரமில்லாத மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்போம். அந்த வருஷம் ஐப்பசியில் ஒரே ஒரு மழை. அதை நம்பி முளைத்த பயிர்தான் அப்படி நின்றது. ஊர்க்கூட்டத்தில், கண்மாய்க்கரையில் எல்லோரும் கூடி மழைக்கு வேண்டிக்கொள்வது என்று முடிவானது. அதற்கு ஒரு பாட்டு வேண்டும், நாலு எழுத்து எழுதுகிறவன் என்பதால் நீ எழுதிக் கொடு என்று என்னிடம் சொன்னார்கள்.

முன்பெல்லாம் யாரும் யாரிடமும் பாட்டு எழுதித் தரச் சொன்னதில்லை. 1980-களின் தொடக்கத்தில், நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதில், இதே ஊரில் மழைச்சோறு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பொம்பளைகள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மண்பானையோடு வீடு வீடாகப் போனார்கள். முன்னால் என் அத்தை, அப்பாவின் தங்கை. வாசலில் நின்று அவள் ஒரு அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் அதன் பின்பாதியைப் பிடித்துத் திருப்பிச் சொல்வார்கள். வீட்டுக்காரம்மா ஒரு அகப்பைச் சோறு போடுவாள். அதில் உப்பு இருக்கக் கூடாது. கம்பு, குதிரைவாலி, சோளம், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே பானையில் விழும். கடைசி வீடு முடிந்ததும் கண்மாய்க்குள் இறங்கி, வெடித்துக் கிடந்த தரையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கை உருண்டை. எனக்கும் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் துப்பப் போனேன். அத்தை என் வாயைப் பொத்தி, ‘முழுங்குய்யா, இதுதான் பஞ்சத்தோட ருசி, வானம் பாத்துக்கிட்டு இருக்கு’ என்றாள். அந்தச் சப்பென்ற ருசி இன்னமும் நாக்கில் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் கும்மி. கும்மி போகப்போக ஒப்பாரியாக மாறியது. இந்த ஊரில் இனி இருக்க முடியாது, நாங்கள் போகிறோம் என்று முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு எல்லோரும் கிழக்கே நடந்தார்கள். நான் நிஜமாகவே பயந்துபோனேன். பெரியவர்கள் இரண்டு பேர் ஓடிப்போய் மறித்து, ‘மழை வந்துரும், வீட்டுக்கு வாங்க தாயி’ என்று அழைத்து வந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கொடும்பாவியும் கட்டினார்கள். ஊரில் எவரோ செய்த பாவம்தான் மழையைத் தடுக்கிறது என்று வைக்கோலில் ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பிணத்துக்கு அழுவதுபோல மாரடித்து அழுது, எல்லைக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள்.

அத்தையின் பாட்டை அன்றைக்கு நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன். இப்போது யோசித்தால் அதில் கும்பிட்டுக் கேட்டது கொஞ்சம், சண்டை போட்டது அதிகம். எந்தக் கண்மாய் காய்ந்திருக்கிறது, எந்த மடையில் பூனை படுத்திருக்கிறது, எவர் வீட்டு மாடு கயிற்றோடு விலைபோனது என்று பேர் சொல்லிச் சொல்லி வானத்தைக் கேள்வி கேட்டாள். பாட்டைக் கேட்டால் ஊரின் நீர்நிலை முழுவதும் வரிசையாகக் கண்ணில் வந்துவிடும்: மேலக் கண்மாய், அதன் கலுங்கு நிறைந்து வழிந்தால் வரும் பெரிய கண்மாய், அதற்குக் கீழே ஊருணி. தண்ணீர் வருகிற வரிசையிலேயே பாட்டும் போகும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பானை எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. காலனித் தெரு வாசலில் அது நிற்கவில்லை. அவர்கள் தனியே பானை எடுத்தார்கள், தனியே பாடினார்கள். ஒரே கண்மாய்த் தண்ணீருக்கு இரண்டு பாட்டு. அத்தையின் பாட்டு எனக்கு எவ்வளவு பிரியமானதோ, அவ்வளவு இந்த நினைவு உறுத்துகிறது.

2016-க்கு வருகிறேன். ஒரே கூட்டம், ஒரே பாட்டு என்று இளவட்டங்கள் பிடிவாதமாக இருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். கார்முகிலே, அமுதமே, வருணனே என்று எட்டுக் கண்ணி. எழுதியதை அத்தையிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். எழுபத்தைந்தைத் தாண்டியவள், கட்டிலில் சாய்ந்தபடி கண்ணை மூடிக் கேட்டாள்.

‘படிக்க நல்லா இருக்கு மருமகனே. கால் எடுத்து வைக்க வரலையே.’

எழுந்து நின்று, என் முதல் வரியைக் கும்மி நடையில் சொல்லிக் காட்டினாள். இரண்டு எட்டுக்கு ஒரு கைத்தட்டு. என் வரி மூன்றாவது எட்டில் மூச்சு முட்டி நின்றது. பாடுகிறவள் அடி எடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் பின்பாதியைத் திருப்பிச் சொல்கிற நேரத்தில்தான் அவள் மூச்சு வாங்கி அடுத்த அடியை யோசிக்கிறாள். அதனால் ஒரு வரி ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும், பின்பாதி தனியாகச் சொன்னாலும் பொருள் தர வேண்டும், இரண்டு வரியின் கடைசியும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். அப்போதுதான் முதல்முறை கேட்கிறவளுக்கும் வாயில் நிற்கும். இதெல்லாம் எந்த யாப்பு நூலிலும் நான் படிக்காதது.

அடுத்து அவள் கேட்டது இன்னும் கஷ்டமான கேள்வி. ‘எம்புட்டு மழை கேட்டிருக்க?’ நான் ‘வாரி வழங்கு’ என்று எழுதியிருந்தேன். வாரி வழங்கினால் கரை உடையும் என்றாள். எங்கள் பக்கம் மழையை உழவால் அளப்பார்கள். ஏர் ஓட்டும் ஆழத்துக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. அந்த வாரம் பயிருக்கு வேண்டியது அதுதான். அவள் சொன்னதை வைத்து நான் மாற்றி எழுதியது இது:

காலையிலும் சுருண்டிருக்கே கதிரு வைக்காப் பயிரு
கண்மாய்க்குள்ள துடிக்குதம்மா கடைசி மீனின் உயிரு.
ஓருழவு மழைபேஞ்சா உசுரப் பிடிச்சு நிப்போம்
மறுஉழவும் பேஞ்சுதுன்னா மடை திறந்து வைப்போம்.

கண்மாய் வரிசையை எழுதத்தான் நாள் பிடித்தது. கும்மிக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேலக் கண்மாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் குழாயில் வருகிறது, குளிக்கத் தொட்டி இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கே வரத்துக்கால் போகும் பாதை மறந்திருந்தது. ஒரு காலையில் நடந்து பார்க்கப் போனேன். மேலக் கண்மாய்க் கலுங்கிலிருந்து முந்நூறு அடிகூடப் போக முடியவில்லை. கால்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம், இரண்டாள் உயரத்துக்கு. அடியில் மண் மேவித் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. மழை பெய்தாலும் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் வராது.

அந்தக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுத்தான் ஊரில் சில வீடுகளில் அந்த வருஷம் அடுப்பு எரிந்தது. மழை பெய்தால் மூட்டம் நனையும், கரி வேலை நிற்கும். போர் போட்ட வீடுகள் வேறு சில. அவர்களுக்கு மழை தேவைதான், ஆனால் இந்த வாரமே வேண்டும் என்ற தவிப்பில்லை. அன்றைக்குப் பானை போன தெரு முழுவதும் ஒரே மழையைத்தான் எதிர்பார்த்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு அந்தக் கணக்கு வேறு. அந்த வீட்டு ஆட்களும்தான் கரையில் வந்து நின்று பாடப் போகிறார்கள். எல்லோர் வாயிலும் பொய்யாகாத வரியாக எழுத வேண்டுமே என்ற கவலை எனக்கு.

கால்வாயைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்போ மழையை மட்டும் வையிறது ஞாயமில்லையே’ என்று சொல்லிவிட்டு, மெதுவாக அவளே கட்டினாள்:

வர்ற பாதை அடைஞ்சிருக்கு, வையாதம்மா எங்கள
வெட்டி வைக்கோம் வழிய நாங்க, விட்டுறாத எங்கள.

கொடும்பாவி இழுத்த காலத்தில் பாவம் செய்தவன் எவனோ ஒருவன். அவனை வைக்கோலில் கட்டி ஊருக்கு வெளியே எரித்துவிடலாம். இந்த இரண்டு வரியில் அப்படி எரிக்க யாரும் இல்லை. முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் கூடினோம். மைக் கட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கும்மி வட்டத்தில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எட்டு வைக்கத் தெரியவில்லை. காலனித் தெருவிலிருந்து வந்த ஓர் அக்காதான் நடுவில் நின்று சொல்லிக் கொடுத்தார். அவர்கள் தெருவில் அந்த நடை விட்டுப்போகாமல் இருந்திருக்கிறது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுத்தாள். ஒரு பானைதான் வைத்திருந்தோம், எல்லா வீட்டுச் சோறும் அதில்தான் விழுந்தது. உப்பில்லாமல். நிறம் மட்டும் மாறியிருந்தது: கம்பும் குதிரைவாலியும் இல்லை, முழுக்க வெள்ளைச் சோறு.

மழை வரவில்லை. அதே கார்த்திகைக் கடைசியில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. எங்கள் பக்கம் அதிலிருந்து ஒரு சொட்டு இல்லை. மாநிலம் முழுவதும் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் அத்தனை மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். பயிரை மாடுகளை விட்டு மேய்த்தோம்.

ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரி பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொண்டது. தெருவில் விளையாடும்போதுகூடப் பாடினார்கள். ‘வெட்டி வைக்கோம்னு பாடியாச்சு, எப்போ வெட்டப் போறீக?’ என்று பொம்பளைகள் ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உத்தரவு போட்டிருந்தது. கோடையில் கலுங்கிலிருந்து பாதித் தூரம் வரை வேரோடு பிடுங்கி மண்ணை அள்ளினோம். கரி போடுகிறவர்கள் மரத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் போகக் கையில் பணமில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. வெட்டிய தூரம் வரை தண்ணீர் ஓடி வந்து, அடைப்பில் முட்டிப் பக்கத்துக் காட்டில் பரவி நின்றது. அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து செங்காவித் தண்ணீரில் கையை நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டாள்.

‘மருமகனே, அந்தப் பாட்டு எழுதுன தாள் இருக்கா?’

‘இருக்கு அத்தை.’

‘வெட்டி வைக்கோம்னு இருக்குல்ல, அதுல வெட்டுங்கிறதுக்குப் பின்னால பாதி வச்சோம், பாதி வைக்கோம்னு மாத்து. நடைக்கு இடிக்குமோ என்னமோ, பாடிப் பாத்துட்டு எழுது.’