எதை எந்த மொழியில் சொல்வது?

2004 சுனாமிக்குப் பின் காத்தான்குடிப் பக்கக் கூட்டங்களில் முன்வரிசையில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த உதவி நிறுவனத்தார். பின்னால் தமிழ் மட்டும் தெரிந்த, வீடிழந்த சனம். அப்படியொரு கூட்டத்துக்கு உரை எழுதினேன். முதலில் வரிக்கு வரி மொழிபெயர்த்து வாசித்துப் பார்த்தால், பத்து நிமிட உரை இருபது நிமிடமானது. எப்போதும் ஒரு பக்கத்தார் சும்மா இருக்க வேண்டும்.

பிறகு மாற்றினேன். மௌத்தானவர்களுக்கான துஆவும் இழப்பின் கதையும் தமிழில்; ஆங்கிலத்தில் அதற்கு இரண்டே வரி. கேட்கும் உதவி ஆங்கிலத்தில் விரிவாக. பந்தி முடிந்த இடத்தில்தான் மொழி மாறும், வாக்கியத்தின் நடுவில் அல்ல.

ஆனால் வீடுகளின் எண்ணிக்கையையும், கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென்ற அன்றைய விதியையும் இரு மொழியிலும் முழுதாக வைத்தேன். இல்லாவிட்டால், "அவங்கக்கிட்ட என்னத்தைக் கேட்டீங்க சேர்?" என்று நம்மட சனமே கேட்கும்.