ஒரு முக்காற்புள்ளியின் செலவு

ஏறுவரிசையில் அடுக்கிய பத்து லட்சம் எண்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட எண் இருக்கிறதா என்று அறிய அதிகபட்சம் 20 இடங்களைப் பார்த்தால் போதும். நடுவில் உள்ள எண்ணைப் பார்க்கிறோம். தேடும் எண் அதைவிடப் பெரியது என்றால் இடப்பக்கம் முழுவதையும் விட்டுவிடலாம். சிறியது என்றால் வலப்பக்கத்தை விட்டுவிடலாம். மிச்சமிருக்கும் பாதியில் மீண்டும் நடு. இதுதான் பைனரி சர்ச். ஜான் மாக்லி 1946இல் கணினி பற்றி ஆற்றிய உரைகளிலேயே இதைக் குறிப்பிட்டார். இன்று நிரல் எழுதப் பழகும் எல்லோரும் முதல் சில மாதங்களுக்குள் இதை எழுதிப் பார்த்துவிடுகிறார்கள்.

பைத்தானில் எழுதுகிறவர்களில் பலருக்கு இயல்பாக வரும் வடிவம் இது:

```python
def find(a, x):
    if not a:
        return False
    m = len(a) // 2
    if a[m] == x:
        return True
    if a[m] < x:
        return find(a[m+1:], x)
    return find(a[:m], x)
```

படிக்க அழகாக இருக்கிறது. லிஸ்ட் காலியாக இருந்தால் இல்லை என்று சொல். நடுவில் இருந்தால் உண்டு என்று சொல். இல்லாவிட்டால் பொருத்தமான பாதியை எடுத்து, இதே ஃபங்ஷனிடம் மறுபடி கொடு. தன்னைத் தானே அழைக்கும் இந்த முறைக்கு ரிகர்ஷன் என்று பெயர். விடையும் எப்போதும் சரியாக வரும். பிரச்சினை `a[m+1:]`, `a[:m]` என்ற இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே உள்ள முக்காற்புள்ளி, லிஸ்டின் ஒரு துண்டை வெட்டி எடுக்கச் சொல்கிறது. நிரலர்கள் இதை ஸ்லைசிங் என்பார்கள்.

வெட்டி எடுப்பது என்றதும், இருக்கிற லிஸ்டின் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டுவது போலத்தான் தோன்றுகிறது. பைத்தான் லிஸ்ட் அப்படிச் செய்வதில்லை. அது புதிதாக ஒரு லிஸ்டுக்கு நினைவகத்தில் இடம் பிடித்து, கேட்ட பகுதியை ஒவ்வொன்றாக அதில் நகலெடுக்கிறது. தடித்த அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறவர், நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த பாதி முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து, அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடலைத் தொடர்வதற்கு ஒப்பானது இது.

லிஸ்டுக்குள் எண்களே நேரடியாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. ஒவ்வோர் எண்ணும் நினைவகத்தில் வேறெங்கோ இருக்கிறது. லிஸ்டில் இருப்பது அதன் முகவரி. இன்றைய 64 பிட் கணினிகளில் ஒரு முகவரிக்கு 8 பைட். ஸ்லைஸ் நகலெடுப்பது இந்த முகவரிகளைத்தான். அதோடு வேலை முடிவதுமில்லை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சிபைத்தான், ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பூஜ்யமானால்தான் பொருளை அழிக்கலாம். ஆகவே ஒரு முகவரியை நகலெடுக்கும்போது அந்தப் பொருளின் கணக்கையும் ஒன்று கூட்ட வேண்டும். ஸ்லைஸ் அழியும்போது ஒன்று குறைக்க வேண்டும். நாம் ஒருமுறைகூட மதிப்பைப் பார்க்காத லட்சக்கணக்கான எண்களைக் கணினி இப்படித் தொட்டுவிட்டு வருகிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? இங்கே தேர்ந்தவர்களும் சில சமயம் தவறான விடை சொல்கிறார்கள். ஏறத்தாழ 20 அழைப்புகள், ஒவ்வொன்றிலும் பத்து லட்சத்துக்கு ஏற்ற நகல், ஆகவே இரண்டு கோடி என்று பெருக்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் அழைப்பும் தன் கையில் உள்ள லிஸ்டின் அளவுக்கு ஏற்பச் செலவழிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த லிஸ்ட் ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. எல்லா எண்களையும் விடப் பெரிய ஓர் எண்ணைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஸ்லைசில் 4,99,999 முகவரிகள், அடுத்ததில் 2,49,999, பிறகு 1,24,999, 62,499, 31,249 என்று இறங்கி, கடைசியில் 6, 2, 0. கூட்டிப் பார்த்தால் 9,99,974. முதல் ஸ்லைஸ் ஒன்றே செலவில் பாதியைத் தின்றுவிடுகிறது; மீதி எல்லாம் சேர்ந்து மற்றொரு பாதி.

அதாவது 19 இடங்களைப் பார்த்து முடிவு சொல்வதற்காக, கிட்டத்தட்ட பத்து லட்சம் முகவரிகள் நகலெடுக்கப்பட்டிருக்கின்றன. லிஸ்டை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவதும் இதே வகைச் செலவுதான். ஒரு முகவரியை நகலெடுப்பது ஓர் எண்ணை ஒப்பிடுவதைவிட மலிவு என்பதால், ஸ்லைஸ் போட்ட தேடல் பெரும்பாலும் சற்று முந்தும். ஆனால் லிஸ்ட் இரட்டிப்பானால் இரண்டுக்குமே நேரம் இரட்டிப்பாகும். பைனரி சர்ச்சின் உயிரே, லிஸ்ட் இரட்டிப்பானாலும் ஒரே ஒரு படி மட்டும் கூடுவதில்தான் இருக்கிறது. அந்த உயிர் இந்த நிரலில் இல்லை.

நினைவகத்திலும் ஒரு சுமை உண்டு. பைத்தானில் உள்ளே போன அழைப்பு திரும்பி வரும்வரை வெளியே உள்ள அழைப்பு காத்திருக்கிறது. அதன் கையில் உள்ள லிஸ்டும் அழியாமல் இருக்கிறது. தேடல் அடியாழத்தை எட்டும்போது எல்லா ஸ்லைஸ்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். பத்து லட்சம் முகவரிகளுக்கு 8 பைட் வீதம் சுமார் 80 லட்சம் பைட்.

இந்தக் குறை ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்குக் காரணம், விடை கெடாததுதான். பைனரி சர்ச்சில் வேறு புகழ்பெற்ற பிழைகள் உண்டு. ஜாவாவின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சில், நடு இடத்தைக் கணக்கிட இரண்டு எண்களைக் கூட்டும்போது கூட்டுத்தொகை எல்லை மீறி எதிர்மறையாகிவிடும் பிழையை 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதி வெளியிட்டார். மிகப் பெரிய அரேயில் அந்த நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்; யாராவது ஒருவர் கண்ணில் பட்டே தீரும். ஸ்லைஸ் போட்ட தேடல் அப்படி நிற்காது. பத்து எண்களை வைத்து எழுதும் சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிடும். ஒரே ஒரு தேடலுக்கு அதை ஓட்டினாலும் தாமதம் தெரியாது, ஏனென்றால் அந்தப் பத்து லட்சம் எண்களைக் கோப்பிலிருந்து படித்து லிஸ்டாக்கியதே அதைவிட அதிக வேலை.

பல தேடல்கள் வரும்போதுதான் அடி விழும். அதே லிஸ்டில் ஒரு லட்சம் எண்களைத் தேட வேண்டும் என்றால், சரியான பைனரி சர்ச் அதிகபட்சம் 20 லட்சம் இடங்களைப் பார்க்கும். ஸ்லைஸ் போட்ட தேடல் அதோடு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி முகவரிகளை நகலெடுக்கும். நொடிக்கு நூறு கோடி என்ற வேகம் கிடைத்தாலும் நகலுக்கு மட்டும் 100 நொடி.

கண்டுபிடிக்கும் வழி எளிது. இல்லாத ஓர் எண்ணைத் தேடச் சொல்லி, `timeit` கொண்டு 10 லட்சம், 20 லட்சம், 40 லட்சம் என லிஸ்டின் அளவை இரட்டிப்பாக்கி நேரத்தைப் பாருங்கள். நேரமும் கூடவே இரட்டிப்பாகிக்கொண்டு போனால் எங்கோ நகல் நடக்கிறது. நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றால் தேடல் சரி.

ஸ்லைஸ் எல்லா ரிகர்ஷனிலும் குற்றவாளி அல்ல. மெர்ஜ் சார்ட்டில் லிஸ்டை இரண்டாக வெட்ட ஸ்லைஸ் போடுவார்கள். அங்கே வெட்டிய பாதிகளை மீண்டும் இணைக்கும்போது எப்படியும் எல்லா எண்களையும் ஒவ்வொரு மட்டத்திலும் தொட்டாக வேண்டும். நகல் அந்த வேலையோடு சேர்ந்து போகிறது. செலவின் வகை மாறுவதில்லை. பைனரி சர்ச்சில் உண்மையான வேலை ஒரு படிக்கு ஓர் ஒப்பீடுதான் என்பதால், பக்கத்தில் நிற்கும் நகல் மலையாகத் தெரிகிறது.

திருத்தம் இதுதான். லிஸ்டை வெட்டாமல், எங்கிருந்து எதுவரை பார்க்க வேண்டும் என்ற இரண்டு எண்களை மட்டும் கைமாற்றுவது:

```python
def find(a, x, lo, hi):
    if lo == hi:
        return -1
    m = (lo + hi) // 2
    if a[m] == x:
        return m
    if a[m] < x:
        return find(a, x, m + 1, hi)
    return find(a, x, lo, m)
```

முதலில் `find(a, x, 0, len(a))` என்று அழைக்க வேண்டும். `hi` குறிக்கும் இடம் தேடலில் சேராது. அதற்கு முந்தைய இடம் வரைதான் தேடல். ஒவ்வோர் அழைப்புக்கும் போவது அதே ஒரே லிஸ்ட்.

இதில் உண்டா இல்லையா என்பதோடு எந்த இடத்தில் என்பதும் கிடைக்கிறது. ஸ்லைஸ் முறையில் இடத்தைக் கேட்டால் இன்னொரு வலை காத்திருக்கிறது. வெட்டிய துண்டில் இடங்கள் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், வலப்பாதியிலிருந்து வரும் விடையோடு `m + 1` கூட்ட வேண்டும். `[10, 20, 30, 40]` என்ற லிஸ்டில் 35ஐத் தேடுவோம். நடுவில் 30, இடம் 2. வலப்பாதி `[40]`இல் 35 இல்லை, எனவே -1 வருகிறது. யோசிக்காமல் 3ஐக் கூட்டினால் விடை 2. லிஸ்டிலேயே இல்லாத 35, 30 இருக்கும் இடத்தில் இருப்பதாக நிரல் சொல்லிவிடும். வேகம் பற்றிய குறை இங்கே விடையையே கெடுக்கும் குறையாகிவிடுகிறது.

அன்றாட வேலைக்கு இதைக் கையால் எழுதவும் தேவையில்லை. பைத்தானோடு வரும் `bisect` மாட்யூலில் `bisect_left(a, x)` என்றால், x இருக்கும் அல்லது இருந்திருக்க வேண்டிய இடம் கிடைக்கும். அந்த இடத்தில் உண்மையில் x இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் `lo`, `hi` என்ற இரண்டு எண்களை நகர்த்தித்தான் தேடுகிறது.

லிஸ்ட் ஏன் நகலெடுக்கிறது என்று கோபப்படவும் நியாயமில்லை. லிஸ்டை நடுவே மாற்றலாம். ஸ்லைஸ் வெறும் சாளரமாக இருந்தால், துண்டில் செய்த மாற்றம் மூலத்தையும் மாற்றிவிடும். அது வேண்டாம் என்றுதான் தனி நகல். வேறு வகைப் பொருள்கள் வேறு முடிவு எடுத்திருக்கின்றன. நம்பை அரேயை வெட்டினால் அதே தரவின் மேல் ஒரு சாளரம்தான் கிடைக்கும். மேலே முதலில் கொடுத்த `find`ஐ ஓர் எழுத்தும் மாற்றாமல் `range(1000000)` மேல் ஓட்டிப் பாருங்கள்: `range`ஐ வெட்டினால் தொடக்கம், முடிவு, இடைவெளி என்ற மூன்று எண்கள் கொண்ட இன்னொரு சிறிய `range` மட்டுமே உருவாகிறது, ஓர் உறுப்புகூட நகலாவதில்லை. `list(range(1000000))` என்று மாற்றிய மறுகணம் அந்தப் பத்து லட்சம் நகல்களும் திரும்பி வந்துவிடும்.