பிழை பின்னோக்கி நடக்கும் வழி

நியூரல் நெட்வொர்க் ஒன்று தவறான விடை தந்தால், எவ்வளவு தவறு என்று கண்டுபிடிப்பது சுலபம். வந்த விடையிலிருந்து வரவேண்டிய விடையைக் கழித்தால் போதும். அந்தத் தவறில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எடைக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். கற்றல் முழுவதும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

நோட்டில் போட்டுப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். உள்ளீடு x. அதை w1 என்ற எடையால் பெருக்கினால் நடு அடுக்கின் மதிப்பு h. அதை w2 என்ற எடையால் பெருக்கினால் வெளியீடு y.

```
x = 2,  w1 = 0.5,  w2 = 3
h = w1 × x = 1
y = w2 × h = 3
```

வரவேண்டிய விடை 5 என்று வைத்துக்கொள்வோம். பிழை 3 − 5 = −2. அதன் வர்க்கத்தில் பாதியை இழப்பு என்போம். இங்கே அது 2. பாதி எடுப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வகைக்கெழு காணும்போது முன்னால் வந்து நிற்கும் 2 அடிபட்டுப் போகும், அவ்வளவுதான்.

இனி w1-இன் பங்கை எப்படி அறிவது? ஒரு வழி, அதைத் துளி அசைத்துப் பார்ப்பது. w1-ஐ 0.501 ஆக்கினால் y 3.006 ஆகிறது, இழப்பு 1.988018 ஆகக் குறைகிறது. இழப்பில் வந்த மாற்றத்தை 0.001-ஆல் வகுத்தால் ஏறத்தாழ −12. இதுதான் w1-இன் கிரேடியன்ட்: எடையைக் கொஞ்சம் கூட்டினால் இழப்பு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகரும் என்பதைச் சொல்லும் எண். முறை சரியானதுதான். ஆனால் பத்து லட்சம் எடைகள் இருந்தால், ஒவ்வொன்றையும் அசைத்து நெட்வொர்க்கைப் பத்து லட்சம் முறை ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகும் நாம் எடுத்து வைத்திருப்பது ஒரே ஓர் அடிதான்.

பேக்ப்ராபகேஷன் இந்தச் செலவைத்தான் ஒழிக்கிறது. கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். வெளியீட்டில் பிழை −2. w2-க்குள் வந்த மதிப்பு h = 1; ஆகவே w2-இன் கிரேடியன்ட் −2 × 1 = −2. அதே −2, w2 வழியாகப் பின்னோக்கிப் போகும்போது அதன் மதிப்பான 3-ஆல் பெருக்கப்பட்டு, h-இன் வாசலில் −6 ஆகி நிற்கிறது. w1-க்குள் வந்த மதிப்பு x = 2; ஆகவே w1-இன் கிரேடியன்ட் −6 × 2 = −12. அசைத்துப் பார்த்து வந்த அதே விடை! பிளஸ் டூவில் படித்த சங்கிலி விதிதான் இது. ஓர் அடுக்குக்குக் கண்ட எண்ணை அதற்கு முந்தைய அடுக்கு அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதால், எத்தனை லட்சம் எடைகள் இருந்தாலும் பின்னோக்கிய ஒரே நடையில் எல்லாக் கிரேடியன்ட்களும் கிடைத்துவிடுகின்றன. 1986-இல் நேச்சர் இதழில் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் இதைப் பரவலாக அறியச் செய்தது.

அசைத்துப் பார்க்கும் முறையையும் தூக்கி எறிய வேண்டாம். நீங்களே எழுதிய பேக்ப்ராபகேஷன் சரியா என்று சோதிக்க அதைவிட நம்பகமான வழி இல்லை. மாணவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறு, w2-ஐ முதலில் மாற்றிவிட்டு, மாற்றிய மதிப்பை வைத்து w1-இன் கிரேடியன்டைக் காண்பது. நிரல் நிற்காமல் ஓடும். விடை மட்டும் சற்றே பிசகும். எல்லாக் கிரேடியன்ட்களையும் பழைய எடைகளைக் கொண்டே கண்டபின் ஒருசேர மாற்ற வேண்டும்.

மாற்றும் விதி எளிது: கிரேடியன்டை லேர்னிங் ரேட் என்ற சிறு எண்ணால் பெருக்கி, எடையிலிருந்து கழிக்கிறோம். அந்த எண் 0.01 என்றால் w1 0.62, w2 3.02 ஆகின்றன. மறுபடி ஓட்டினால் y ஏறத்தாழ 3.74; இழப்பு 2-லிருந்து 0.79-க்கு இறங்கிவிட்டது. அதே எண்ணை 0.1 என்று வைத்துப் பாருங்கள். w1 1.7, w2 3.2 ஆகி, y 10.88-க்குத் தாவுகிறது, இழப்பு 17-ஐத் தாண்டுகிறது. கிரேடியன்ட் திசையைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது நிற்கும் இடத்துக்கு மிக அருகில் மட்டுமே உண்மை. நாம் அதை நம்பி வெகுதூரம் போய்விட்டோம். பயிற்சியின்போது இழப்பு குறையாமல் மேலே ஏறிக்கொண்டே போனால், முதலில் இந்த எண்ணைத்தான் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நெட்வொர்க்கில் பெருக்கல் மட்டுமே இருக்கிறது. உண்மையான நெட்வொர்க்குகளில் ஒவ்வோர் அடுக்கிலும் வளைவான ஒரு சார்பு உண்டு. பின்னோக்கி வரும் பிழை அதன் சரிவாலும் பெருக்கப்படும். சிக்மாய்டு சார்பின் சரிவு மிக அதிகபட்சமாக 0.25 மட்டுமே. எடைகளைத் தனியே வைத்துவிட்டு, பத்து அடுக்குகளின் சரிவுகளை மட்டும் பெருக்கினாலே பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கடைசி அடுக்குகள் கற்றுக்கொண்டிருக்க, முதல் அடுக்குகளுக்குச் செய்தி போய்ச் சேர்வதே இல்லை. இழப்பு சற்றுக் குறைந்து பிறகு அசையாமல் நின்றால், அடுக்குவாரியாகக் கிரேடியன்ட் அளவுகளை அச்சிட்டுப் பாருங்கள். முன்பக்கம் போகப்போக எண்கள் சுருங்குவது கண்ணுக்குத் தெரியும்.

ஆழமான நெட்வொர்க்குகளில் ரிலூ சார்பு சிக்மாய்டின் இடத்தைப் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்ளே வரும் மதிப்பு நேர்மமாக இருந்தால் அதன் சரிவு 1. பிழை சுருங்காமல் கடந்து போகிறது. எதிர்மமாக இருந்தால் சரிவு பூஜ்யம். எந்த உதாரணத்தைக் கொடுத்தாலும் எதிர்மமே வரும் நிலைக்கு ஓர் அலகு தள்ளப்பட்டுவிட்டால், அதற்குள் வரும் எடைகளுக்குக் கிரேடியன்ட் கிடைக்காது, பயிற்சி எவ்வளவு நீண்டாலும் அந்த அலகு தானாக மீள்வது அரிது. லேர்னிங் ரேட்டைப் பெரிதாக வைக்கும்போது இப்படி அலகுகள் செத்துப்போவது கூடும்.