79% விற்றால் பூஜ்ஜியம், 80% தொட்டால் ரூ.5,000: இன்சென்டிவ் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

"சம்பளம் மாசம் 30 ஆயிரம்னு சொன்னாங்க, கையில வந்தது 20 ஆயிரம்தான்." விற்பனை வேலையில் புதிதாகச் சேரும் பலரும் முதல் மாதமே சொல்லும் புகார் இது. பெரும்பாலும் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆஃபர் லெட்டரில் இருந்த 'வேரியபிள் பே' என்ற வரியை யாரும் விளக்கவில்லை, அவ்வளவுதான்.

சூலூரை மையமாக வைத்து பல்லடம், சுல்தான்பேட்டை, கருமத்தம்பட்டி டீலர்களுக்கு மோட்டார் பம்ப் விற்கும் ஒரு பிரதிநிதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நிரந்தரச் சம்பளம் ரூ.20,000. மாத டார்கெட் ரூ.10 லட்சம். அதை முழுசாக முடித்தால் இன்சென்டிவ் ரூ.10,000. இரண்டையும் சேர்த்துத்தான் 30 ஆயிரம்.

80% என்ற வாசல்

டார்கெட்டில் 80%, அதாவது ரூ.8 லட்சத்தைத் தொடும் வரை இன்சென்டிவ் ஒரு ரூபாய்கூட கிடையாது. தொட்டவுடன் பாதித் தொகை, ரூ.5,000 கிடைக்கும். அதற்கு மேல் 100% வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் ரூ.250. டார்கெட்டைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு சதவீதத்துக்கும் ரூ.500. இப்படி வேகம் கூடுவதை விற்பனைத் துறையில் 'ஆக்சிலரேட்டர்' என்பார்கள்.

இந்தக் கணக்குப்படி 79% விற்றவருக்கு பூஜ்ஜியம், 90%-க்கு ரூ.7,500, 100%-க்கு ரூ.10,000, 120%-க்கு ரூ.20,000. அதாவது 80%-லிருந்து 120%-க்குப் போகும்போது விற்பனை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது; இன்சென்டிவோ நான்கு மடங்காகிறது.

நிறுவனம் ஏன் இப்படி வைக்கிறது?

பழைய டீலர்கள் எப்படியும் சரக்கு எடுப்பார்கள். அந்த விற்பனைக்குத்தான் நிரந்தரச் சம்பளம் என்பது நிறுவனத்தின் வாதம். கூடுதலாக ஓடிப் பிடிக்கும் ஆர்டருக்கே தனிப் பணம்.

விற்பனைத் துறையில் மட்டும் இந்த வாசல் இல்லை. 2024-ல் டிசிஎஸ் நிறுவனம் அலுவலக வருகையை மாறுபடும் ஊதியத்துடன் இணைத்தது. அப்போது வருகை 60%-க்குக் கீழே போனால் அந்தக் காலாண்டில் அந்தத் தொகையே இல்லை என்று செய்திகள் வெளியாகின.

சிக்கல் எங்கே?

இரண்டு மாதங்களில் மொத்தம் ரூ.18 லட்சம் விற்பவரைப் பாருங்கள். மாதம் 90% என்று சீராக விற்றால் மொத்த இன்சென்டிவ் ரூ.15,000. அதே 18 லட்சம் முதல் மாதம் 78%, அடுத்த மாதம் 102% என்று விழுந்தால் ரூ.11,000 மட்டும். முதல் மாதம் 60%, அடுத்த மாதம் 120% என்றால் ரூ.20,000!

உழைப்பு ஒன்றுதான், பில் போட்ட தேதிதான் வேறு. அதனால் 76%-ல் நிற்பவர் மாதக் கடைசியில் டீலரிடம் போய், "அண்ணா, ஒரு பில்லு மட்டும் போட்டுக்கறனுங்க, அப்புறம் ரிட்டர்ன் பண்ணிக்கலாம்" என்று கெஞ்சுவார். 80% எட்டவே முடியாது என்று தெரிந்தவர் கையிலிருக்கும் ஆர்டரை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைப்பார். 30-ம் தேதி பில் குவிந்து, 5-ம் தேதிக்குள் சரக்கு திரும்பி வந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம்.

பம்புக்குக் கோடையில் கிராக்கி அதிகம், மழைக்காலத்தில் குறைவு. பன்னிரண்டு மாதமும் ஒரே டார்கெட் என்றால் மழை மாதங்களில் நன்றாக உழைத்தவருக்கும் பூஜ்ஜியம்தான் வரும். காலாண்டுக் கணக்காக வைப்பதும், மாதத்துக்கு ஏற்ப டார்கெட்டை மாற்றுவதும் இதைக் குறைக்கும். ஆனால் வாசல் இருக்கும் வரை சிக்கல் முழுசாகப் போகாது.

இது போனஸ் இல்லை

தீபாவளிக்கு மில்களில் தரும் சட்டப்படியான போனஸ் வேறு. அது குறைந்தபட்சம் 8.33%, அதிகபட்சம் 20%. தனிநபர் டார்கெட்டை எட்டவில்லை என்பதற்காக அந்தக் குறைந்தபட்சத்தை மறுக்க முடியாது. இன்சென்டிவோ முழுக்க வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* 80% என்பது பில் தொகையிலா, வசூலான பணத்திலா? டீலர் 60 நாள் கடன் கேட்டால் இந்த ஒரு வித்தியாசமே வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும்.
* கணக்கு மாதத்துக்கா, காலாண்டுக்கா?
* டார்கெட்டை இடையில் உயர்த்த முடியுமா?
* சரக்கு திரும்பி வந்தால் கொடுத்த இன்சென்டிவைப் பிடிப்பார்களா?
* இடையில் வேலையை விட்டால் அதுவரை சேர்ந்தது கிடைக்குமா?

இதற்கெல்லாம் பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. அதோடு வீட்டு வாடகை, வண்டி டியூ எல்லாவற்றையும் 30 ஆயிரத்தை வைத்துப் போடாமல், உறுதியாக வரும் 20 ஆயிரத்தை வைத்துப் போட்டால், 79%-ல் நிற்கும் மாதத்திலும் கடன் வாங்க வேண்டியிருக்காது.