பசிக்க விடுங்கள், சாப்பிடும்

“பிள்ளை சோறே சாப்பிட மாட்டேங்குது டாக்டர், ஒரு டானிக் எழுதிக் குடுங்க” என்று கேட்கும் தாயிடம் குழந்தை மருத்துவர்கள் பெரும்பாலும் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் குடிக்குது?” பதிலைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு வயது எட்டு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே ஒரு பாட்டில் பால். இட்லியைத் துப்பிவிட்டதால் பத்து மணிக்கு இன்னொரு பாட்டில். தூங்கி எழுந்ததும் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று, ராத்திரி தூங்க வைக்க ஒன்று. பாட்டிலுக்கு 200 மில்லி என்றால் மொத்தம் ஒரு லிட்டர். இடையில் தாத்தா கையால் நாலு பிஸ்கட், பெட்டிக்கடையில் வாங்கிய ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்.

இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,000 கலோரி. ஒரு லிட்டர் பாக்கெட் பாலிலேயே ஏறக்குறைய 600 கிடைத்துவிடும். அதில் கலக்கும் சர்க்கரை, பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் சேர்ந்தால் 800, 900 வரை போகும். மிச்சம் இருப்பது ஒன்றரை இட்லிக்கான இடம். அந்தக் குழந்தை மதியம் பருப்புச் சோற்றைக் கண்டு வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதற்கு உண்மையிலேயே பசியில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. முதல் வருடத்தில் குழந்தை ஆறு கிலோ அளவுக்கு எடை கூடும். இரண்டாவது வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைவதால் பசியும் தானாகவே மட்டுப்படும். இதைத் தெரியாமல், “போன வருஷம் நல்லா சாப்பிட்ட புள்ள இப்ப இளைச்சுப் போச்சே” என்று பயந்து, சாப்பிடாத சோற்றுக்கு ஈடாகப் பாலைக் கொடுக்கத் தொடங்குகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பால் நல்ல உணவுதான், ஆனால் அதில் இரும்புச்சத்து அறவே குறைவு. குழந்தைக்கு நாளொன்றுக்கு 7, 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்பட, ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. போதாததற்கு, மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பை உடல் உறிஞ்சுவதையும் பாலில் உள்ள கால்சியம் குறைக்கிறது. இப்படியே மாதக்கணக்கில் போனால் ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் பசி மேலும் மந்தமாகும். பசி இல்லாததால் மறுபடியும் பால். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்குக்கூட இப்படி ரத்தம் குறைந்திருக்கலாம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருப்பது, மண்ணையும் சுவர்க் காரையையும் தின்பது, காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரும்புச்சத்து மருந்து இல்லாமல் உணவு முறையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மற்றக் குழந்தைகளுக்கு வழி, நேரம் தவறாத ஓர் ஒழுங்கு. ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி பால் தாராளமாகப் போதும். தயிர், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். நாம் பார்த்த குழந்தைக்கு நாளை இப்படி அமைக்கலாம். ஏழு மணிக்கு எழுந்தால் தண்ணீர் மட்டும். எட்டு மணிக்குள் காலைச் சாப்பாடு. பத்தரைக்கு வாழைப்பழம் அல்லது மசித்த சுண்டல். பன்னிரண்டரைக்குச் சோறு, பிறகு தூக்கம். மூன்றரை மணிக்கு டம்ளரில் 150 மில்லி பால். ஐந்தரை மணிக்கு அவித்த முட்டையோ ராகிப் புட்டோ. ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. எட்டரைக்கு இன்னொரு 150 மில்லி பால், பல் துலக்கிவிட்டுப் படுக்கை. ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அந்த இடைவெளிதான் பசியைக் கொண்டுவருகிறது.

ஐந்து பாட்டிலை ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. முதலில் காலைப் பாட்டிலை நிறுத்துங்கள். இரவெல்லாம் சாப்பிடாமல் எழும் குழந்தைக்கு அப்போதுதான் பசி அதிகம். அந்தப் பசி இட்லிக்குப் போகட்டும். மூன்று நான்கு நாள் கழித்துப் பத்து மணிப் பாட்டில், அதன் பிறகு விளக்கு வைக்கும் நேரப் பாட்டில். நடு இரவில் பால் கேட்கும் குழந்தையாக இருந்தால், இரண்டு நாளைக்கு ஒரு முறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வரலாம். பாட்டிலிலிருந்து டம்ளருக்கு மாறினாலே அளவு தானாகக் குறையும், ஏனென்றால் படுத்துக்கொண்டு கண்ணை மூடி உறிஞ்ச முடியாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் கொடுக்காமல் பின் கொடுத்தால் போதும்.

தட்டில் வைப்பது கொஞ்சமாக இருக்கட்டும்: ஒரு இட்லி, அல்லது இரண்டு கரண்டி பருப்புச் சோறு. கேட்டால் மறுபடியும் போடலாம். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. எல்லன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் வகுத்த இந்தப் பங்கீட்டைத்தான் இன்று உலகெங்கும் சொல்லித் தருகிறார்கள். மொபைல் இல்லாமல், துரத்தாமல், அரை மணி நேரம் பாருங்கள். சாப்பிடவில்லை என்றால் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

சோதனை வருவது இரண்டாம், மூன்றாம் நாள். காலையில் பாதி இட்லியோடு எழுந்துபோன குழந்தை பதினொன்றரைக்கு அடுப்படியில் நின்று அழும். “பாவம்மா புள்ள, வயிறு ஒட்டிப் போச்சு. கொஞ்சம் பால் ஆத்திக் குடேன்” என்பார் மாமியார். “இன்னும் ஒரு மணி நேரந்தான் அத்தை. அதுவரைக்கும் தண்ணி மட்டும் குடுங்க” என்று மருமகள் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் வந்துவிட்டால், அன்று மதியச் சோறு குப்பைக்குத்தான். அதைவிடப் பெரிய நஷ்டம், அழுதால் பால் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்வது. அழுகை அதிகமானால் மதியச் சாப்பாட்டை அரை மணி முன்னதாகப் போடலாம்; பாலைக் கொடுக்கக் கூடாது.

பெரும்பாலான குழந்தைகளிடம் ஓரிரு வாரத்தில் மாற்றம் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் தானே வந்து உட்காரும், மலச்சிக்கல் இளகும். ஒருவேளைச் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போடாமல், ஒரு வாரத்தை மொத்தமாகப் பாருங்கள். அங்கன்வாடியில் மாதம் ஒரு முறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடை இறங்கினாலோ, மூன்று மாதமாக ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பசி டானிக்குகள் சிலவற்றில் தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து கலந்திருக்கிறது. நிறுத்தினால் பசியும் பழையபடி ஆகிவிடும்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எல்லோரையும் உட்கார வைத்து நேரத்தைப் பேசி முடித்து, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் இந்த முறை பலிக்காது.