வாசலே இல்லாத சர்வருக்குள் நுழைவது எப்படி?

இணையத்தில் புதிதாக ஒரு லினக்ஸ் சர்வரை ஏற்றி, தொலைவிலிருந்து உள்ளே நுழைவதற்கான 22-ஆம் போர்ட்டை எல்லோருக்கும் திறந்து வையுங்கள். அதன் முகவரியை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஒரு நாள் கழித்து அதன் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், இந்த மாதிரி வரிகள் பக்கம் பக்கமாக ஓடும்:

```
Failed password for invalid user admin from 203.0.113.45 port 51234 ssh2
Failed password for invalid user oracle from 203.0.113.45 port 51310 ssh2
```

உங்கள் மேல் யாருக்கும் தனிப்பட்ட பகை இல்லை. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனையையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. திறந்த போர்ட் ஒன்று கண்ணில் பட்டால் அவை வழக்கமான பெயர்களையும் கடவுச்சொற்களையும் போட்டுப் பார்க்கும்.

ஆனாலும் அந்த சர்வரைப் பராமரிப்பவர் உள்ளே போயாக வேண்டும். இதற்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் தீர்வுதான் பாஸ்டியன். ஜம்ப் சர்வர் என்றும் சொல்வார்கள். ஒரு நிறுவனத்தில் இருபது சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருபதுக்கும் பொது முகவரியே கொடுப்பதில்லை. 10.0.2.15 என்பதுபோல உள் முகவரி மட்டும்தான். பொது முகவரியோடு 21-ஆவதாக ஒரு சிறிய சர்வரை வைத்து, அதில் மட்டும் 22-ஐத் திறக்கிறார்கள். மற்ற இருபதிலும், அந்தச் சிறிய சர்வரிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி என்று ஃபயர்வால் விதி போடுகிறார்கள். கவனித்துக் காக்க வேண்டிய இடம் இருபதிலிருந்து ஒன்றாகக் குறைகிறது. கணக்கு சரியான கணக்குதான்.

சிக்கல் சாவியில் தொடங்குகிறது. பாஸ்டியன் வரை வந்த பிறகு உள் சர்வருக்கு மறுபடியும் ஒரு சாவி காட்ட வேண்டும். அந்தச் சாவியை பாஸ்டியனிலேயே வைப்பது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏஜென்ட் ஃபார்வர்டிங் என்ற வழியைப் பிடித்தார்கள். சாவி மடிக்கணினியிலேயே இருக்கும், அதைக் கொண்டு கையெழுத்து வாங்கும் பாதை மட்டும் நடுவிலுள்ள சர்வர் வரை நீளும். அந்த நடு சர்வரில் ரூட் அதிகாரம் பெற்ற எவரும், நீங்கள் இணைப்பில் இருக்கும்வரை அதே பாதையில் உங்கள் பெயரில் கையெழுத்து வாங்கலாம். இது ஏட்டளவு ஆபத்து இல்லை. 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்றத் திட்டத்தின் சர்வர்களுக்குள் ஒருவர் புகுந்தார். ஓட்டை இருந்த ஜென்கின்ஸ் வழியாக முதலில் ஒரு சர்வரைப் பிடித்தார். ஏஜென்ட் ஃபார்வர்டிங்கோடு அங்கே வந்த டெவலப்பரின் சாவியைப் பயன்படுத்தி மற்ற சர்வர்களுக்குத் தாவினார். அந்தச் சாவிக் கோப்பை அவர் திருட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.3 இதற்கு நல்ல மாற்று தந்தது:

```
ssh -J admin@bastion.example.com admin@10.0.2.15
```

இப்படிப் போனால் பாஸ்டியன் வெறும் குழாய். மறையாக்கம் மடிக்கணினியில் தொடங்கி உள் சர்வரில் முடிகிறது, நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. நடுவில் இருப்பது பாஸ்டியனே ஆனாலும் அப்படித்தான். ஆகவே, பராமரிப்பாளர்கள் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று பாஸ்டியனில் பதிவு செய்து வைக்கலாம் என்ற நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாவியை எவ்வளவு கவனமாகக் காத்தாலும், பாஸ்டியனின் 22 யாருக்காவது திறந்திருந்தே ஆக வேண்டும். அங்கே காத்திருப்பது ஒரு நிரல், அந்த நிரலில் பிழை இருக்கலாம். 2024 ஜூலையில் குவாலிஸ் ஆய்வாளர்கள் `CVE-2024-6387` என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். 2006-இல் அடைக்கப்பட்ட பிழை, 2020-இல் நடந்த ஒரு மாற்றத்தில் மறுபடியும் உள்ளே வந்திருந்தது. பொறுமையாகப் பலமுறை முயன்றால் கடவுச்சொல்லும் இல்லாமல் சாவியும் இல்லாமல் ரூட் ஆகிவிடலாம் என்று காட்டினார்கள். அந்த வாரம் பாஸ்டியன் வைத்திருந்தவர்கள் பலரும் அவசரமாக அப்டேட் செய்ய வேண்டியிருந்தது.

அப்படியானால் எந்தப் போர்ட்டிலும் யாருக்காகவும் காத்திருக்காத ஒரு சர்வருக்குள் போக முடியுமா? முடியும். அமேசான் 2018-இல் வெளியிட்ட செஷன் மேனேஜர் அதைத்தான் செய்கிறது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்கள் வழியில் இதையொத்த வசதிகளைத் தருகின்றன. ஆனால் அமேசானுடையதில்தான் அடிப்படை யோசனை மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இன்கமிங் முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒரு போனை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதற்கு அழைக்க முடியாது. ஆனால் அந்த போனே அலுவலகத்துக்கு அழைத்து, வைக்காமல் லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதனிடம் பேச வேண்டியவர் அலுவலகத்துக்குப் போய்த் தன் அடையாளத்தைக் காட்டினால், அங்கே அந்த லைன் தயாராக இருக்கும்.

சர்வரில் அப்படி லைனைப் பிடித்திருப்பது எஸ்எஸ்எம் ஏஜென்ட் என்ற சிறு நிரல். சர்வர் எழுந்தவுடன் இது `ssmmessages` என்ற சேவைக்கு 443-ஆம் போர்ட் வழியாக வெளியே ஓர் இணைப்பைத் தொடங்குகிறது. பெரும்பாலான இணையதளங்கள் பயன்படுத்தும் அதே போர்ட்தான். இது கட்டுப்பாட்டுத் தடம், இதில் ஏஜென்ட் காத்துக் கிடக்கும். நீங்கள் பிரவுசரில் அமேசான் கன்சோலைத் திறந்து, சர்வரைத் தேர்ந்தெடுத்து, கனெக்ட் பொத்தானை அழுத்துகிறீர்கள். உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று அமேசான் பார்க்கிறது. இருந்தால் உங்கள் பிரவுசருக்கு இந்த ஒரு செஷனுக்கு மட்டும் செல்லும் டோக்கன் தருகிறது. அதே சமயம் கட்டுப்பாட்டுத் தடத்தில் ஏஜென்டுக்குத் தகவல் போகிறது. ஏஜென்ட் மறுபடியும் வெளிநோக்கி இன்னொரு இணைப்பைத் தொடங்குகிறது, அது தரவுத் தடம். உங்கள் பிரவுசரும் ஏஜென்டும் நடுவில் அந்தச் சேவையில் சந்திக்கின்றன. உள்நோக்கி வந்த இணைப்பு ஒன்றுகூட இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செஷன் திறந்திருக்கும்போது சர்வருக்குள் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
sudo ss -tnp | grep ssm
```

வரும் வரிகளில் சர்வரின் பக்கம் 48712 போன்ற ஏதோ ஒரு பெரிய எண் இருக்கும், எதிர்ப்பக்கம் 443 இருக்கும். அழைத்தது யார் என்பதற்கு அதுவே சாட்சி. ஃபயர்வாலில் உள்வரும் விதிகளை ஒன்றுவிடாமல் அழித்துப் பாருங்கள், 22 உட்பட. திரையில் நீங்கள் அடிக்கும் எழுத்து தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும். வெளியே போன இணைப்புக்கு வரும் பதிலை ஃபயர்வால் தானாகவே அனுமதிப்பதுதான் காரணம். முதல்முறை இதைப் பார்க்கும்போது உண்மையிலேயே சிலிர்க்கும்.

இப்போது `whoami` என்று அடித்தால் `ssm-user` என்று பதில் வரும். இதில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, லினக்ஸில் இந்தப் பயனருக்கு இயல்பாகவே சூடோ அதிகாரம் உண்டு, அதாவது உள்ளே வந்தவர் ரூட் ஆகலாம். இரண்டாவது, யார் நுழைந்தாலும் சர்வருக்குள் எல்லாரும் இதே பெயர்தான். உண்மையில் வந்தவர் யார் என்பது சர்வரில் இல்லை, அமேசானின் கிளவுட்ட்ரெயில் பதிவில் `StartSession` என்ற நிகழ்வாக இருக்கிறது. ஆளுக்கொரு லினக்ஸ் பயனராக நுழையும்படி அமைக்கவும் முடியும். பல பேர் வேலை செய்யும் இடத்தில் அதைச் செய்யாமல் விடக்கூடாது.

ஆக, பூட்டு காணாமல் போகவில்லை. ஃபயர்வாலிலிருந்து அனுமதி ஆவணத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அந்த ஆவணத்தில் நான் மிகவும் அஞ்சும் இரண்டு வரிகள் இவை:

```
"Action": "ssm:StartSession",
"Resource": "*"
```

இந்த அனுமதி பெற்றவர் அந்தக் கணக்கில் ஏஜென்ட் ஓடும் எல்லா சர்வர்களுக்குள்ளும் போகலாம், ரூட்டாக. பாஸ்டியன் காலத்தில் அமேசான் சாவி ஒன்று கசிந்தால் அதைக் கைப்பற்றியவருக்கு எஸ்எஸ்எச் சாவியும் தேவைப்பட்டது. இப்போது அந்தக் கசிவு ஒன்றே போதும். ஆகவே சர்வர்களுக்கு அணிவாரியாக டேக் போட்டு, `ssm:resourceTag` நிபந்தனையால் அந்தந்த அணிக்கு அந்தந்த சர்வர் என்று கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாம் அடையாளச் சோதனை இல்லாமல் யாருக்கும் இந்த அனுமதியைத் தரக்கூடாது. இந்த வேலையைச் செய்யாமல் பாஸ்டியனை மட்டும் எடுத்துவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

செஷனில் திரையில் ஓடியதையெல்லாம் எஸ்3 கிடங்கில் பதிவு செய்து வைக்கலாம். தணிக்கை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இதே செஷன் மேனேஜருக்குள் எஸ்எஸ்எச்சை ஓட்டவும், ஒரு போர்ட்டை மட்டும் மடிக்கணினிக்குக் கொண்டுவரவும் வழி உண்டு. அப்படிச் செய்யும்போது உள்ளே என்ன நடந்தது என்பது பதிவாகாது. `-J` போட்டால் பாஸ்டியன் குருடாவதற்கும் இங்கே எஸ்எஸ்எச் பதிவாகாததற்கும் காரணம் ஒன்றுதான்: முனையிலிருந்து முனைவரை மறையாக்கினால் நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. யார், எப்போது தொடங்கினார் என்பது மட்டும் மிஞ்சும்.

இந்த ஏற்பாடு பழுதாகும் விதமும் வேறு. பாஸ்டியன் வழியில் ஏதாவது தவறினால் பெரும்பாலும் இணைப்பு நெடுநேரம் காத்துக் கிடந்து கைவிடும். இங்கே உடனே பதில் வரும்: `TargetNotConnected`. ஏஜென்ட் லைனில் இல்லை என்று பொருள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. சர்வருக்கு `AmazonSSMManagedInstanceCore` அனுமதி கொண்ட ரோல் இருக்கிறதா? ஏஜென்ட் ஓடுகிறதா? 443 வழியாக வெளியே போக முடிகிறதா? பெரும்பாலும் மூன்றாவதுதான் காலை வாரும். இணையத்துக்கே வழியில்லாத சப்நெட்டில் சர்வர் இருந்தால், `ssm`, `ssmmessages` ஆகியவற்றுக்குத் தனித்தனியே உள் எண்ட்பாயிண்ட் அமைக்க வேண்டும். அந்த எண்ட்பாயிண்டின் ஃபயர்வாலில் 443-ஐ உள்ளே அனுமதிக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். எண்ட்பாயிண்டுகளுக்கு மணிநேரக் கணக்கில் கட்டணம் உண்டு என்பதால், ஒரு குட்டி பாஸ்டியனை ஓட்டும் செலவைவிட இது கூடிப்போகவும் வாய்ப்பிருக்கிறது.

இன்னும் கடினமான நிலை ஒன்று உண்டு. நினைவகம் தீர்ந்து சர்வர் திணறும்போது ஏஜென்டும் சேர்ந்து செத்துவிடலாம். உள்ளே போய்ப் பார்த்தே தீர வேண்டிய நேரமும் அதுதான். அதற்காக 22-ஐ மறுபடியும் திறக்க வேண்டியதில்லை. அமேசானின் சீரியல் கன்சோல், நெட்வொர்க்கே வேலை செய்யாதபோதும் சர்வரின் திரையைக் காட்டும். ஆனால் அதில் நுழையக் கடவுச்சொல் கொண்ட ஒரு லினக்ஸ் பயனர் வேண்டும், அந்த வசதியைக் கணக்கில் முன்பே அனுமதித்தும் இருக்க வேண்டும். சர்வர் நன்றாக ஓடும்போதே செய்துவைக்க வேண்டிய வேலைகள் இவை.

பாஸ்டியனை அணைக்க முடிவெடுத்தவர்கள், அதன் பதிவுகளைச் சில வாரங்கள் பார்த்துவிட்டு அணைப்பது நல்லது. மனிதர்கள் மட்டும் அதன் வழியாகப் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸைப் பார்க்கும் அறிக்கைக் கருவி, எப்போதோ ஒருவர் அமைத்துவிட்டுப் போன கோப்பு நகர்த்தல் என்று பலவும் அங்கே தெரியவரும். ஒவ்வொன்றையும் போர்ட் ஃபார்வர்டிங்குக்கோ எஸ்3-க்கோ மாற்றிய பிறகு, முதலில் 22-ஐ மூடி சில நாள் பொறுத்துப் பாருங்கள். யாரும் புகார் சொல்லவில்லை என்றால் பாஸ்டியனை நிறுத்திவிடலாம்.